ஷஃபாஅத் யாருக்குக் கிடைக்கும்? விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மக்தபுக்குப் போகும் பிள்ளைகள், பாங்குக்குப் பின் ஓதும் துஆவை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். முஹம்மது நபி (ஸல்) அவர்களை ‘மகாமுன் மஹ்மூத்’ என்னும் புகழுக்குரிய இடத்தில் எழுப்புமாறு இறைவனிடம் வேண்டும் துஆ அது. அதை ஓதுபவருக்கு மறுமை நாளில் தமது ஷஃபாஅத், அதாவது பரிந்துரை, உரியதாகிவிடும் என்று நபியவர்கள் கூறியதாக நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இப்படி ஐந்து வேளையும் நினைக்கப்படும் அந்தப் பரிந்துரை யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வி, இஸ்லாமிய இறையியலில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வந்த ஒன்று. நம் பகுதியில் அது பேசப்படும்போது, தகராறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் தவறிப்போகிறது.

அஹ்லுஸ் ஸுன்னா ஷஃபாஅத்தை ஏற்றார்கள், முஃதஸிலாக்கள் மறுத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது முதல் தவறு. பஸராவில் வாஸில் இப்னு அதா (இறப்பு 748) காலத்தில் உருவான முஃதஸிலாப் பிரிவினர், நபிக்குப் பரிந்துரை உண்டு என்பதையே மறுத்தவர்கள் அல்லர். தவ்பா செய்து இறந்தவருக்கும் நல்லடியாருக்கும் பதவி உயர்வதற்காக அந்தப் பரிந்துரை அமையும் என்பதே காழி அப்துல் ஜப்பார் (இறப்பு 1025) போன்றவர்களின் நிலைப்பாடு. அவர்கள் மறுத்தது ஒரே ஒருவருக்குத்தான்: கலிமாவை நம்பி வாழ்ந்தும், பெரும்பாவம் ஒன்றைச் செய்து, தவ்பா இல்லாமலே இறந்துபோனவருக்கு. இறைவன் தண்டிப்பதாக எச்சரித்துவிட்ட பின் தண்டிக்காமல் விட்டால் அவனுடைய சொல் பொய்யாகிவிடும் என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ஆகவே அத்தகையவர் நரகம் புகுந்தால் அதிலிருந்து வெளியேறவே மாட்டார் என்றார்கள். கவாரிஜ்கள் என்னும் இன்னொரு பிரிவினர் அவரை ஈமானை விட்டே வெளியேற்றினார்கள். முஃதஸிலாக்கள் ஈமானுக்கும் குஃப்ருக்கும் நடுவே நிறுத்தினார்கள். முடிவில் இருவரும் அவரை ஒரே இடத்துக்கே அனுப்பினார்கள். அஹ்லுஸ் ஸுன்னாவோ அவரைப் பாவம் செய்த முஃமின் என்றே கருதி, இணை வைப்பதைத் தவிர மற்றவற்றைத் தான் நாடியவருக்கு இறைவன் மன்னிப்பான் என்னும் குர்ஆனின் 4:48 வசனத்தின் கீழ் வைத்தார்கள்.

அடுத்த தவறு, ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வைத்து வழக்கை முடிப்பது. எந்தப் பரிந்துரையும் ஏற்கப்படாத நாள் என்று 2:48 சொல்கிறது. பேரமும் நட்பும் பரிந்துரையும் இல்லாத நாள் என்று 2:254 சொல்கிறது. அதற்கு அடுத்த வசனமான ஆயத்துல் குர்ஸியோ, அவன் அனுமதியின்றி அவனிடம் பரிந்து பேசுபவர் யார் என்று கேட்கிறது. அனுமதியோடு பேசுபவர் உண்டு என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 2:48 வசனத்தை முன்வைத்துத்தான் முஃதஸிலா விரிவுரையாளர் ஸமக்ஷரீ (இறப்பு 1144) பாவிகளுக்குப் பரிந்துரை இல்லை என்று வாதிட்டார். அதே வசனத்தின் விரிவுரையில் ஃபக்ருத்தீன் ராஸீ (இறப்பு 1210) இரு தரப்பு ஆதாரங்களையும் விரிவாக எடுத்து வைத்து, அது பொதுவாகத் தோன்றினாலும் வேறு ஆதாரங்களால் வரையறுக்கப்படுவது என்ற தரப்பை நிறுவினார்.

இந்த விவாதத்தின் உண்மையான முடிச்சு 21:28 வசனத்தில் இருக்கிறது. இறைவன் பொருந்திக்கொண்டவருக்கே அன்றி வானவர்கள் பரிந்துரைக்க மாட்டார்கள் என்பது அதன் கருத்து. பெரும்பாவியை இறைவன் பொருந்திக்கொள்ளவில்லை, ஆகவே அவருக்குப் பரிந்துரை இல்லை என்று முஃதஸிலாக்கள் முடித்தார்கள். ஒருவருடைய எல்லாச் செயல்களையும் பொருந்திக்கொள்வது இங்கே நிபந்தனை அல்ல, அவருடைய தவ்ஹீதை இறைவன் பொருந்திக்கொண்டிருப்பதே போதும் என்று அஹ்லுஸ் ஸுன்னா விடை சொன்னார்கள். என் பரிந்துரை என் உம்மத்தில் பெரும்பாவம் செய்தவர்களுக்கு என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் ஹதீஸ் இவர்களுக்கு வலுவான துணை. எனக்கு இவர்கள் விடையே பொருத்தமாகப் படுகிறது. தவ்பா செய்தவருக்கும் நல்லடியாருக்கும் மட்டும்தான் பரிந்துரை என்றால், அந்தப் பரிந்துரை யாரை மீட்கப்போகிறது என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பில் நிறைவான பதில் இல்லை.

இந்த விவாதம் நடந்த விதத்துக்குச் சான்றாக ஸஹீஹ் முஸ்லிமின் ஈமான் பகுதியில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. யஸீத் அல்ஃபகீர் என்பவருக்குக் கவாரிஜ்களின் கருத்து ஒன்று மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. அவர் ஒரு கூட்டத்தோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அதன் பிறகு மக்களிடையே கிளம்பி அந்தக் கருத்தைப் பரப்புவது அவர்களின் எண்ணம். வழியில் மதீனாவில், ஒரு தூணின் அருகே ஜாபிர் (ரலி) அவர்கள் அமர்ந்து, நரகத்திலிருந்து வெளியேற்றப்படுபவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யஸீத் இரண்டு வசனங்களைக் காட்டி மறுத்தார்: நீ நெருப்பில் நுழையச் செய்தவனை இழிவுபடுத்திவிட்டாய் என்பது ஒன்று (3:192), வெளியேற விரும்பும்போதெல்லாம் அதிலேயே திருப்பப்படுவார்கள் என்பது மற்றொன்று (32:20). குர்ஆன் ஓதுகிறாயா என்று ஜாபிர் கேட்டார்கள். ஆம் என்றதும், முஹம்மது நபிக்குரிய அந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று வினவி, மகாமுன் மஹ்மூதின் மூலமே இறைவன் தான் நாடியவர்களை வெளியேற்றுகிறான் என்று விளக்கினார்கள். இந்த முதியவர் நபியின் பெயரால் பொய் சொல்வாரென்றா நினைக்கிறீர்கள் என்று அந்தக் கூட்டத்தார் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, ஒருவரைத் தவிர எல்லோரும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். யஸீத் காட்டிய இரண்டாவது வசனத்தை முழுவதுமாக ஓதினால், அதன் முடிவிலேயே, நீங்கள் பொய்யென்று சொல்லிக்கொண்டிருந்த நெருப்பின் வேதனையைச் சுவையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவது தெரியும். மறுமையை மறுத்தவர்களைப் பற்றிய வசனம் நம்பியவர் மேல் ஏற்றப்பட்டிருந்தது.

நம் சீமைக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. பொட்டல்புதூர் போன்ற தர்காக்களில் இறைநேசர்களிடம் உதவி கேட்கலாமா என்ற சர்ச்சையை எதிரும் புதிருமாகப் பேசும் இரு தரப்பாரும், அதை மறுமைப் பரிந்துரையைப் பற்றிய சர்ச்சையாகவே நடத்துகிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இறந்தவர்களிடம் உதவி கேட்பதைக் கடுமையாக எதிர்த்த இப்னு தைமிய்யா (இறப்பு 1328), பெரும்பாவிகளுக்கு நபியின் ஷஃபாஅத் உண்டு என்பதை உறுதியாக ஏற்றவர். ஆகவே தர்காவுக்குப் போவதை எதிர்ப்பவரை ஷஃபாஅத்தை மறுப்பவர் என்று சொல்வது பிழை. ஷஃபாஅத் ஹதீஸ்களைக் காட்டி தர்காவில் கேட்பது கூடும் என்று நிறுவ முயல்வதும் அதே பிழைதான்.

இனி, அஹ்லுஸ் ஸுன்னாவின் பக்கம் நிற்பவர்களே செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஷஃபாஅத் இருக்கிறது, ஆகவே பயமில்லை என்ற பேச்சு அது. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா (அலை) என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, கடைசியில் மக்கள் நபியவர்களிடம் வரும் நீண்ட ஹதீஸில், நபியவர்கள் ஸஜ்தாவில் விழுந்து, தலையை உயர்த்தும்படி சொல்லப்பட்ட பின்னரே பரிந்து பேசுகிறார்கள். அப்போதும் இறைவன் அவர்களுக்கு ஒரு வரம்பு வகுத்துக் கொடுக்கிறான், அந்த வரம்புக்குள் வருபவர்களையே வெளியேற்றுகிறார்கள். அப்படி வெளியேறுபவர்கள் எள்ளுச் செடியின் குச்சிகளைப் போல இருப்பார்கள் என்று ஜாபிரின் அறிவிப்பு சொல்கிறது. பிடுங்கி வெயிலில் போட்ட எள்ளுச் செடி மெலிந்து, எரிந்ததைப் போலக் கறுத்துக் கிடப்பதைக் கரிசல் காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரிந்துரை கிடைத்தவர்களிலும் ஒரு சாரார் நெருப்பில் இருந்துவிட்டே வந்தவர்கள் என்பதையும், எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பது இறைவனின் நாட்டத்தைப் பொறுத்தது என்பதையும் பயானில் சொல்லாமல் விட்டால், அது ஹதீஸின் பாதியை மட்டும் சொன்னதாகவே ஆகும்.