மூன்றாவது லோரி எங்கே போனது?

சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆலை, லோரி முதலாளி, நாங்கள் என மூன்று தரப்பும் மாறி மாறி எழுதிய 23 மின்னஞ்சல்களைச் சுருக்கி, விடுப்பு முடிந்து வரும் மூத்த கிராணிக்குத் தர வேண்டியிருந்தது. முதலில் இப்படி எழுதினேன்:

“ஆலையின் எடைமேடைப் பழுதுபார்ப்பு குறித்துக் கலந்துரையாடப்பட்டது. 14ஆம் தேதி என அறிவிக்கப்பட்டு, பின்னர் 15க்கு மாற்றப்பட்டது. பழக்குலைகளை வேறு ஆலைக்கு அனுப்ப மூன்று லோரிகள் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன.”

மின்னஞ்சல்கள் வந்த வரிசையிலேயே சொன்னது முதல் தவறு. 14ஆம் தேதி செத்துப்போன செய்தி. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும். தேதி மாறிய கதை அவருக்குத் தேவையில்லை. 14 என்று ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருந்தால் மட்டும் ஒரு வரி போதும்.

‘ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன’ என்பது அதைவிடப் பெரிய தவறு. யார் செய்தார்? லோரி முதலாளியின் மின்னஞ்சலைத் திரும்பத் திறந்தேன். “இரண்டு லோரி உறுதி, மூன்றாவதற்கு டிரைவரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றுதான் எழுதியிருந்தார். அதன்பின் அவரிடமிருந்து பதிலே இல்லை. ‘செய்யப்பட்டது’ என்று முடிக்கும்போது ஆளும் மறைகிறார், அவருடைய தயக்கமும் மறைகிறது. அதை நம்பி மூன்று லோரிக்கான குலைகளை வெட்டிவிட்டால், ஒரு பங்கு சாலையோரம் கிடக்கும். வெட்டி அடிபட்ட பழத்தில் நேரம் ஆக ஆக அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும்.

இதைச் சக ஊழியர் பேசுவதுபோல மாற்ற நினைத்து, பலர் மேலே ஒரு நலம் விசாரிப்பைச் சேர்த்துவிட்டு அறிக்கையை அப்படியே விடுகிறார்கள். அது பயன்படாது. மேசைக்கு அருகே வந்து நின்று அவர் கேட்டால் எதை முதலில் சொல்வோமோ, அதை முதலில் எழுத வேண்டும். நான் கடைசியில் அனுப்பியது இது:

“அண்ணே, வியாழன் 15ஆம் தேதி ஆலையில் எடை போட மாட்டார்கள். அன்றைய குலைகள் வேறு ஆலைக்குப் போகின்றன. லோரி இரண்டுதான் உறுதி. மூன்றாவதைப் பற்றி முதலாளி இன்னும் சொல்லவில்லை; புதன் மதியத்துக்குள் நீங்கள் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவரை மண்டோரிடம் இரண்டு லோரிக்கு மட்டும் வெட்டச் சொல்லலாம். 14 என்ற பழைய தேதியை மறந்துவிடுங்கள்.”

‘நாளை’ என்று மின்னஞ்சலில் இருந்ததைக் கிழமையும் தேதியுமாக மாற்றியிருக்கிறேன். குறிப்பை அவர் எந்த நாளில் திறப்பார் என்று தெரியாது. அனுப்புமுன் ஒவ்வொரு வாக்குறுதியையும் அதைச் சொன்னவரின் மின்னஞ்சலோடு ஒப்பிட்டேன். கடைசி மின்னஞ்சலை மட்டும் நம்பவில்லை. ஒருவர் பழைய மின்னஞ்சல் ஒன்றுக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தார். தேதி மாற்றமே அதில்தான் இருந்தது.