வேரியேட்டரைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூட்டர் பெல்ட் மாற்றுவதை எளிய வேலை என்று எண்ணித் தொடங்குபவர்கள் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். புதிதாகப் பட்டறைக்கு வரும் பையன்களிடம் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பழைய போல்ட்டைத் தொலைப்பது, மூடியின் பாக்கிங்கைக் கிழிப்பது போன்றவற்றைக் கண்ணால் பார்த்தே திருத்திக்கொள்ளலாம். வண்டியைக் கெடுத்துவிட்டு வெளியே தெரியாமல் இருக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இடப்பக்க மூடிக்குள் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, இரண்டையும் இணைக்கும் பெல்ட் இருக்கும். முன் புல்லி கிராங்க் முனையில் அமர்ந்திருக்கிறது. அதன் வெளித்தட்டு நகராது, மற்றொன்று உள்ளும் வெளியும் நகரும். நகரும் தட்டின் முதுகில் ஆறு ரோலர்கள் சாய்வான பள்ளங்களில் கிடக்கும். எஞ்சின் வேகம் கூடும்போது அவை வெளிப்புறம் விசிறப்பட்டு, பின்னாலிருக்கும் ரேம்ப் பிளேட்டில் மோதி, தட்டை வெளித்தட்டை நோக்கித் தள்ளும். நகரும் தட்டு, ரோலர்கள், ரேம்ப் பிளேட் மூன்றும் சேர்ந்ததுதான் வேரியேட்டர். இடைவெளி குறுகுவதால் பெல்ட் முன் புல்லியின் விளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின் புல்லி தன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விரியும், அங்கே பெல்ட் உள்ளே இறங்கும். கியரை மாற்றும் வேலை இப்படித்தான் தானாக நடக்கிறது. பின் புல்லியோடு சுற்றும் கிளட்ச் ஷூக்கள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றை நெருங்கும்போது விரிந்து டிரம்மைப் பிடிக்கும். அப்போதுதான் சக்கரம் நகரத் தொடங்கும்.

நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்

‘பிக்கப் இல்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னதும் கிளட்ச் ஷூவை மாற்றிவிடுவது பலருடைய வழக்கம். எந்த வேகத்தில் தொல்லை வருகிறது என்று அவரிடம் முதலில் கேளுங்கள். வண்டி நகரத் தொடங்கும் நொடியில் அதிர்ந்தால் கிளட்ச் ஷூவையும் டிரம்மையும் பாருங்கள். நகர்ந்த பிறகு எஞ்சின் இரைகிறது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் வேரியேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

வேரியேட்டர் தேய்மானத்துக்கு வேறு அடையாளங்களும் உண்டு. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஓசை வந்து, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திருகியதும் அடங்கினால், ரேம்ப் பிளேட்டின் ஓரத்திலிருக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டித் துண்டுகளோ, நகரும் தட்டு அமர்ந்திருக்கும் புஷ்ஷோ தளர்ந்திருக்கலாம். ஒரே அளவாக ஆக்சிலரேட்டரைப் பிடித்திருந்தும் வண்டி தயங்கிப் பிறகு எகிறினால் ரோலர்கள் வழுவழுப்பாக நகரவில்லை. பழைய உச்ச வேகம் எட்டவில்லை என்றால் ரோலர் தட்டையாகியிருக்கலாம், பெல்ட்டின் அகலம் குறைந்திருக்கலாம். இரண்டுமே பெல்ட்டை விளிம்புவரை ஏறவிடாது. பெல்ட்டின் அகலத்தை வெர்னியரால் அளந்து, கையேட்டில் அந்த மாடலுக்குத் தந்திருக்கும் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரோலரை மட்டும் மாற்றுவது

ரோலரை விரலிடுக்கில் வைத்து உருட்டுங்கள். தட்டையான பக்கம் வந்ததும் நின்றுவிடும். அந்தத் தட்டைப் பக்கம் உரசிய இடத்தில் பள்ளத்திலும் ஒரு குழி விழுந்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் நகம் அங்கே மாட்டும். அந்தக் குழியை விட்டுவைத்துப் புது ரோலர்களைப் போட்டால், அவையும் அதே இடத்தில் நின்று நின்றுதான் நகரும். நகம் மாட்டினால் நகரும் தட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரோலருக்குக் கிரீஸ்

கையேடு சொன்னால் மட்டும். இல்லையென்றால் உலர்வாகவே போடுங்கள்.

பெல்ட்டைக் கவ்வவிட்டு நட்டை முறுக்குவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சில நூறு ரூபாய் வேலை எஞ்சினைப் பிளக்கும் வேலையாக மாறுவது இங்கேதான்.

முன் புல்லியின் நட்டு எதை இறுக்குகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கிராங்க்கின் தோளில் ரேம்ப் பிளேட், அதன்மேல் புஷ், புஷ்ஷின் முனையில் வெளித்தட்டு, அதன்மேல் நட்டு. உலோகத்தோடு உலோகம் முட்டி நிற்கும் அடுக்கு இது. நகரும் தட்டு புஷ்ஷின்மேல் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும், நட்டின் இறுக்கம் அதன்மேல் விழாது.

புதுப் பெல்ட் பின் புல்லியில் மேலேயே தங்கியிருந்தால் முன்னால் இழுபட்டு விறைப்பாக நிற்கும். அந்த நிலையில் வெளித்தட்டை வைத்து நட்டைத் திருகினால், தட்டு புஷ்ஷைத் தொடும் முன்பே பெல்ட் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். நட்டு நன்றாக இறுகியதுபோலவே கைக்குத் தெரியும், டார்க் ரெஞ்ச்சும் ‘டிக்’ என்று சொல்லிவிடும். எஞ்சின் ஓடியதும் பெல்ட் தன் இடத்துக்கு நகர்ந்துவிடும், நட்டின்கீழ் இடைவெளி விழும்.

வேறிடத்தில் பெல்ட் மாற்றிய 110 சிசி வண்டி ஒன்று சில நாட்களில் எங்களிடம் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. எஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. மூடியைத் திறந்தபோது நட்டைக் கையாலேயே திருக முடிந்தது. வெளித்தட்டின் உள்பற்கள் மழுங்கி, உலோகத் தூள் மின்னியது. கிராங்க் முனையின் பற்களும் சீவப்பட்டிருந்தன. பெல்ட்டில் ஓரிடம் மட்டும் இருபக்கமும் நசுங்கிப் பளபளத்தது. கவ்விக்கொண்ட இடம் அதுதான். தட்டை மாற்றிவிடலாம். கிராங்க்கை மாற்ற எஞ்சினை இறக்கிப் பிரித்தாக வேண்டும். அந்த வண்டிக்கு வேறு வழியில்லை. அரை நிமிடக் கவனத்தில் தவிர்த்திருக்கக்கூடிய செலவை உரிமையாளர் சுமந்தார்.

சரியான முறை இது. பின் புல்லியின் தட்டுகளை ஸ்பிரிங்குக்கு எதிராக விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்துங்கள். முன்னால் பெல்ட் தொளதொளவென்று ஆகும். வேரியேட்டரைக் கிராங்க்கில் ஏற்றும்போது ரேம்ப் பிளேட்டைப் பின்னாலிருந்து விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது விலகினால் ரோலர் பள்ளத்தைவிட்டு நழுவி, அதுவும் அடுக்கை முட்டவிடாமல் தடுக்கும். தொங்கும் பெல்ட்டைப் புஷ்ஷின்மேல் விட்டு, வெளித்தட்டை வைத்து, நட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டுங்கள். இப்போது முன் தட்டுகளுக்கு இடையே பெல்ட்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் நட்டைக் கழற்றி மறுபடி தொடங்குங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றும்முன் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிந்தது என்று பார்த்துவைத்திருந்தால் இன்னொரு சான்றும் கிடைக்கும். மாட்டிய பிறகு மரை குறைவாகத் தெரிந்தால் நடுவில் ஏதோ அகப்பட்டிருக்கிறது.

பிறகுதான் டார்க் ரெஞ்ச், கையேட்டில் உள்ள அளவுக்கு. ஏர் கன்னால் இறுக்கி முடிப்பவர்களுக்குக் கவ்வலும் தெரியாது, அளவும் தெரியாது. கடைசியாகப் பின் புல்லியைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, பெல்ட் அங்கே மேலேறி விறைத்த பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள்.

விசிறி இதழில் ஸ்குரூடிரைவர் செருகுவது

நட்டைத் திருகும்போது வெளித்தட்டு சுற்றாமலிருக்க இப்படிச் செய்தால் அதன் விசிறி இதழ் உடையும். தட்டைப் பிடிக்கும் கருவியை வாங்குங்கள்.

பெல்ட்டின் அம்புக்குறி

சுற்றும் திசையில்.

விளிம்புவரை ஏறுகிறதா என்று பாராமல் வண்டியைக் கொடுப்பது

மூடியை மாட்டும்முன் வெளித்தட்டின் உட்பக்கத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை நல்ல வேகத்தில் ஓட்டி வந்து திறந்தால், பெல்ட் ஏறிய இடம்வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு வெகு முன்பே அழிவு நின்றிருந்தால், ரோலரோ பெல்ட்டோ இன்னும் சரியில்லை, அல்லது அந்த வண்டிக்குரிய எடை இல்லாத ரோலரைப் போட்டிருக்கிறீர்கள்.