விளம்பரத்தைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? சிறு கடைகள் அந்த எண்ணைப் படிப்பதில் செய்யும் தவறுகள்

விளம்பரத் துறைக்கு வந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் அண்மையில் தன் மடிக்கணினியைத் திறந்து என்னிடம் காட்டினார். இரண்டு கிளைகள் உள்ள ஒரு மரச்சாமான் கடையின் Google Ads கணக்கு அது. கிளைக்கு ஒன்றாக இரண்டு கேம்பெய்ன்கள். `Store visits` என்ற பத்தியில் ஒன்றுக்கு 60, மற்றதற்கு 30 என்று இருந்தது. "இரண்டாவதை நிறுத்திவிட்டு, பணம் முழுவதையும் முதலாவதில் போடலாம் என்று இருக்கிறேன். சரிதானே அண்ணா?" என்று கேட்டார்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த அதே முடிவு. அதனால் ஒரு கடைக்காரர் மூன்று மாதப் பணத்தை இழந்தார். இன்னும் எனக்கு ஆறவில்லை. கடையின் முகவரியைக் கணக்கோடு இணைக்க மறப்பது, தவறான கிளையைத் தேர்ந்தெடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை உதவிப் பக்கங்களே சொல்லிவிடும்.

மதிப்பீட்டை எண்ணிக்கை என்று படிப்பது

திரையில் 60 என்று தெரிந்தால், வாசலில் யாரோ நின்று அறுபது பேரை எண்ணியதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நடப்பது வேறு. விளம்பரத்தைச் சொடுக்கியவர்களில் ஒரு பகுதியினர்தான் தங்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்து, தாங்கள் போகும் இடங்களைப் பதிவு செய்யவும் அனுமதி கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய தொலைபேசி கடைக்குள் இருந்ததா என்பதை ஜிபிஎஸ், வைஃபை போன்ற குறிப்புகளைக் கொண்டு கணிக்கிறார்கள். அனுமதி கொடுக்காத மற்றவர்களும் இதே விகிதத்தில் வந்திருப்பார்கள் என்று கொண்டு, கிடைத்த சிறு எண்ணைப் பெருக்கி நமக்குக் காட்டுகிறார்கள். தனிமனிதர் யாரும் அடையாளம் தெரியக் கூடாது என்பதால், தரவு ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் அந்தப் பத்தியே தோன்றாது.

எத்தனை பேரை நேரில் கவனித்து இந்த 60 வந்தது என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆகவே ஒரு பேச்சுக்கு, கவனிக்கப்பட்ட ஒருவர் பத்துப் பேருக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 60 என்பதன் பின்னால் நிற்பவர்கள் 6 பேர். 30 என்பதன் பின்னால் 3 பேர். அந்தப் பெண் ஒரு கேம்பெய்னை மூடத் துணிந்தது இந்த ஒன்பது பேரை நம்பித்தான்.

ஒன்பது நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். நாணயத்தில் ஒரு குறையும் இல்லாதபோதும், ஒரு பக்கம் ஆறோ அதற்கு மேலோ விழுவது ஏறக்குறைய இரண்டு முறைக்கு ஒரு முறை நடக்கும். அதாவது இரண்டு கேம்பெய்ன்களும் சமமாக வேலை செய்தாலும், பாதி மாதங்களில் திரையில் 60-30 அல்லது அதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு தெரியும். எது முந்துகிறது என்பது மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும். அந்த 60 தனியாகவும் உறுதியானதல்ல. கவனிக்கப்பட்டவர்கள் 6 பேர் மட்டுமே என்றால், உண்மையான சராசரி 22 ஆகவும் இருக்கலாம், 130 ஆகவும் இருக்கலாம். இரண்டுமே நம்பத்தகுந்த விடைகள்தான்.

என் கதையில் நடந்ததைச் சொல்கிறேன். எண் குறைவாகத் தெரிந்த கிளையின் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து மற்ற கிளைக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் பணம் பெற்ற கிளையின் எண் உயர்ந்தது. உயராமல் என்ன செய்யும்? பணம் கூடியது, சொடுக்குகள் கூடின, அதற்கேற்ப மதிப்பீடும் கூடியது. நான் செய்தது சரி என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாத முடிவில் கடைக்காரர் தன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். விளம்பரம் குறைந்த கிளையில் புதியவர்கள் வருவது நின்றே போயிருந்தது. விளம்பரம் கூடிய கிளையில் பில் எண்ணிக்கை அசையவே இல்லை. "நீங்கள் சொல்லும் அந்த ஆட்கள் எந்தக் கதவு வழியாக வந்தார்கள்?" என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கடந்த மூன்று மாத எண்களை வாரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் எந்தக் கேம்பெய்ன் முன்னால் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதலிடம் அடிக்கடி கை மாறினால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தற்செயல். செலவும் சொடுக்கும் மாறாத வாரங்களில் எண் 10, 40, 0, 30 என்று குதித்தாலும் அப்படியே.

எவ்வளவு இருந்தால் நம்பலாம் என்று கேட்பார்கள். மேலே சொன்ன அதே கணக்கில், 400 வருகை தெரிந்தாலும் பின்னால் நிற்பவர்கள் 40 பேர்தான். அப்போதும் இருபுறமும் ஏறக்குறைய 30 சதவீதம் விலகல் இருக்கும். நூறு கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இந்த அளவு இரண்டே நாளில் சேரும். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அவர்களுக்கு இது பயனுள்ள கருவி. ஒற்றைக் கடைக்கு அதே அளவு சேர அரை ஆண்டு ஆகும். அதற்குள் விலை, பருவம், போட்டிக் கடை, விளம்பர வாசகம் எல்லாமே மாறிவிடும். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

எப்படியும் வந்திருக்கக் கூடியவரைச் சேர்த்து எண்ணுவது

ஒருவர் கடையின் பெயரையே தட்டச்சு செய்து தேடுகிறார். மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்குகிறார், வழியைப் பார்க்கிறார், வந்து சேர்கிறார். இது கடை வருகையாகப் பதிவாகும். விளம்பரம் இல்லாதிருந்தால் அதற்குக் கீழே இருந்த வரைபட முடிவைச் சொடுக்கி அவர் வந்திருப்பார். சொடுக்கிய பின் 30 நாள்களுக்குள் நிகழும் வருகை பொதுவாகக் கணக்கில் சேரும் என்பதால், மாதந்தோறும் வரும் வாடிக்கையாளர் ஒருமுறை விளம்பரத்தைத் தொட்டாலே போதும், அவரும் விளம்பரம் அழைத்து வந்தவர் ஆகிவிடுவார்.

கடைப் பெயருக்கான கேம்பெய்ன்கள் இந்தப் பத்தியில் எப்போதும் மிக அழகாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அவற்றைப் பொருளின் பெயருக்கான கேம்பெய்ன்களோடு ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

நேற்றைய எண்ணைப் பார்ப்பது

வருகை பதிவாவது வந்த தேதியில் அல்ல, சொடுக்கிய தேதியில். ஆகவே கடைசி இரண்டு மூன்று வாரங்கள் எப்போதும் மெலிந்தே தெரியும்.

ஒரு வருகைக்கு இவ்வளவு மதிப்பு என்று குறித்துவிடுவது

குறித்த மறுகணமே ஒரு ஊகத்தை இன்னொரு ஊகத்தால் பெருக்கியாகிவிட்டது. சொடுக்குக்கு எவ்வளவு கொடுப்பது என்று தானே முடிவு செய்யும் தானியங்கி ஏலம் அந்தப் பெருக்குத்தொகையைத் துரத்திக்கொண்டு உங்கள் பணத்தைச் செலவழிக்கும்.

நாள், நேரம், கருவி என்று பிரித்துப் பார்ப்பது

வேண்டாம். ஒன்பது பேரை ஏழு நாள்களுக்குப் பங்கிட்டால் என்ன மிஞ்சும்?

பத்தி தோன்ற வேண்டும் என்பதற்காகவே செலவைக் கூட்டுவது

இதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரவு போதவில்லை என்று தெரிந்ததும், கடைக்கு வரவே வாய்ப்பில்லாத தொலைவுக்கு விளம்பர எல்லையை விரிக்கிறார்கள். எண் கிடைக்கிறது, வாடிக்கையாளர் கிடைப்பதில்லை.

கடையிலேயே எண்ணாமல் விடுவது

சிறு கடைக்கு ஒரு வசதி இருக்கிறது. கதவு ஒன்றுதான், உள்ளே நுழைபவரைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வாரம் விளம்பரம் ஓடட்டும், அடுத்த வாரம் நிற்கட்டும், அப்படியே மாற்றி மாற்றிச் செய்து, தினமும் நுழைந்தவர்களைக் கோடு போட்டு எண்ணுங்கள். ஆனால் இதற்கும் எல்லை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

நாளொன்றுக்கு 40 பேர் வரும் கடையை எடுத்துக்கொள்வோம். விளம்பரம் இல்லாத நான்கு வாரங்களில் சுமார் 1120 பேர் வருவார்கள். இயல்பான ஏற்ற இறக்கத்தாலேயே, எதுவும் மாறாத இரண்டு நான்கு வாரத் தொகைகளுக்கு இடையே 95 பேர் வரை வித்தியாசம் வரலாம். விளம்பரம் உண்மையில் நாளுக்கு 3 பேரைக் கூடுதலாக அழைத்து வந்தாலும், நான்கு வாரத்தில் அது 84 தான். அந்த இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். ஓடிய வாரங்கள் எட்டு, நின்ற வாரங்கள் எட்டு என்று நீட்டினால் கூடுதல் 168 ஆகிறது, இயல்பான விலகலின் எல்லை 134 அளவில் நிற்கிறது. அப்போதுதான் விளம்பரம் ஆள் அழைத்து வந்தது என்று சொல்ல இடம் கிடைக்கிறது. மழை, விடுமுறை, தள்ளுபடி ஆகியவை இந்த எல்லையை இன்னும் உயர்த்தும் என்பதால் அந்த நாள்களை நோட்டிலேயே தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

அந்தப் பதினாறு வாரங்களில் என்னென்ன பார்க்கலாம் என்றால், வழி கேட்டுச் சொடுக்கியவை, விளம்பரத்திலிருந்து வந்த அழைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். இவை ஆள் வந்ததற்குச் சான்று ஆகா. ஆனால் ஊகித்துப் பெருக்கியவை அல்ல, ஒவ்வொன்றும் நடந்த செயல். புதிதாக வருபவரிடம் "எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பதும் உதவும். மறந்து தவறாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஆனால் விளம்பரம் ஓடும் வாரத்திலும் நிற்கும் வாரத்திலும் அவர்கள் ஒரே மாதிரிதான் மறப்பார்கள், அதனால் இரண்டையும் ஒப்பிடலாம்.

அந்தப் பெண் இரண்டு கேம்பெய்ன்களையும் இருந்தபடியே விட்டுவிட்டார். இரண்டு கிளைக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு கிளையில் விளம்பரம் ஓடும் வாரத்தில் மற்றதில் நிற்கும்படி அட்டவணை போட்டிருக்கிறார். முதல் கோடு வரும் திங்கள்கிழமை விழும்.