மூஞ்சி மாத்துன போட்டோவைக் கண்டுபுடிக்கப் போய் எல்லாரும் பண்ற தப்புங்க

கடலூர்ல ஸ்டுடியோ வெச்சிருக்கேன். ஆல்பம் டிசைனுக்கு வர்ற மாதிரியே இப்பல்லாம் "அண்ணே, இது ஒரிஜினலான்னு கொஞ்சம் பாருங்க"ன்னு செல்லை நீட்டிக்கிட்டும் ஆளுங்க வர்றாங்க. வேலை கத்துக்க வர்ற பசங்க நாலு ரீல்ஸ் பாத்துட்டு நானும் ஒரு காலத்துல பண்ண அதே கூத்தையே பண்றானுங்க, அதான் எழுதுறேன். ஆறு விரல், கோணக் கண்ணு கதையெல்லாம் விட்டுடுறேன், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

"கம்மல் ரெண்டும் ஒண்ணா இருக்கு, அப்ப ஒரிஜினல்"

இதை நெனைச்சா இன்னிக்கும் கடுப்பாகும். கம்மலைப் பாருங்கன்னு சொன்னது எப்படி வந்துச்சுன்னா, 2019 வாக்குல உலகத்துலயே இல்லாத ஆளோட முகத்தை முழுசா கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுக்க ஆரம்பிச்சுது, அப்ப அதுக்கு இடது காதும் வலது காதும் ஜோடின்னு தெரியாது, இந்தப் பக்கம் தோடு, அந்தப் பக்கம் தொங்கட்டான்னு அடிக்கடி போட்டு வெச்சிரும். அந்தக் காலத்துப் படத்துக்கு அது சரியான செக்கா இருந்துச்சு. ஃபேஸ் ஸ்வாப் வேற விஷயம். இங்க நெஜமா எடுத்த ஒரு போட்டோ இருக்கு, அதுல புருவத்துக்குக் கொஞ்சம் மேல இருந்து தாடை வரைக்கும் உள்ள பகுதியை மட்டும் மாத்துறானுங்க. காது, கம்மல், முடி, கழுத்து எல்லாம் அந்த முதல் போட்டோல இருந்த பொண்ணோடது. அதுல கம்மல் ஜோடியா இல்லாம வேற எப்படி இருக்கும்?

ஒரு வீட்ல இருந்து ஒரு போட்டோ கொண்டு வந்தாங்க, காலேஜ் படிக்குற அவங்க பொண்ணு பாண்டி பீச்ல யாரோ ஒரு பையனோட நிக்குற மாதிரி. நான் அன்னிக்கு முகூர்த்தத்துக்குப் போயிட்டேன், கடைல இருந்த பையன் ஜூம் பண்ணி பாத்துட்டு, ஜிமிக்கி ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு சார், ஒரிஜினல்தான்னு சொல்லி அனுப்பிட்டான். அந்தப் பொண்ணை காலேஜுக்கு அனுப்பாம வீட்லயே உக்கார வெச்சுட்டாங்க. அது அழுது சத்தியம் பண்ணியும் யாரும் கேக்கல, ஏன்னா "ஸ்டுடியோக்காரரே சொல்லிட்டாரு".

அப்புறம் அவங்க அக்கா என்னைத் தேடி வந்துச்சு. நான் முதல்ல கேட்டது அந்தப் பொண்ணோட காது நல்லா தெரியுற பழைய போட்டோ ஒண்ணு. அக்கா கல்யாணத்துல எடுத்தது இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கல்யாணப் போட்டோல காது மடலோட நுனி கன்னத்தோட ஒட்டி இறங்குது, பீச் போட்டோல நுனி தனியா உருண்டையா தொங்குது. முகத்தை மாத்துனவன் காதை மாத்தல. காது ஆளுக்கு ஆள் வேற, அதனால கம்மலைப் பாக்குற கண்ணு கம்மல் மாட்டியிருக்குற காதைப் பாத்திருக்கணும்.

ஜிமிக்கில ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஜோடியான்னு பாக்குறதுல பிரயோஜனம் இல்ல. முகம் லேசா திரும்பியிருந்தா ஒரு பக்க ஜிமிக்கி தாடை மேல வந்து விழும், மாத்துன பகுதியோட ஓரம் அந்த இடத்துலதான் போகும். அந்தப் போட்டோலயும் கீழ தொங்குன முத்து மூணுல வெளிப்பக்கம் இருந்தது தெளிவா இருந்துச்சு, தாடையைத் தொட்டுக்கிட்டு இருந்த ரெண்டும் தோல் கலர்ல கரைஞ்சு போயிருந்துச்சு. அதே மாதிரி மூக்குத்தி, பொட்டு. ரெண்டும் மாத்துற பகுதிக்குள்ளயோ அதோட ஓரத்துலயோ வர்றதால மூக்குத்தி காணாமப் போயிரும், இல்லைன்னா வெறும் வெள்ளைப் புள்ளியா நிக்கும். பொட்டு பாதி அழிஞ்ச மாதிரி இருக்கும்.

கடைசியா முகத்தை மட்டும் வெட்டிட்டு மிச்சப் படத்தை, அதாவது சுடிதார், கையில இருந்த பை, பின்னாடி கருங்கல்லு, கடல், இதை கூகுள் லென்ஸ்ல போட்டேன். முகத்தோட சேத்துப் போட்டா தேடல் முகத்துப் பக்கமே போயிரலாம், அதான் வெட்டுனது. யாரோ ஒரு ஜோடி பப்ளிக்கா போட்டிருந்த படம் வந்து நின்னுச்சு, அதே சுடிதார், அதே ஜிமிக்கி, முகம் மட்டும் வேற. காது, முத்தெல்லாம் சந்தேகம், இதுதான் ஆதாரம். எல்லா நேரமும் கிடைக்காது, ஆனா தேடாம விடக்கூடாது. கடைப் பையன்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுடா, ஒரிஜினல்னு சொல்ற உரிமையை உனக்கு யாரு குடுத்தா.

பல்லை வெச்சு ஃபேக்னு முடிவு கட்டுறது

பரவலா புழங்குற ஒரு ஸ்வாப் மாடல் முகத்தை 128-க்கு 128 பிக்சல்லதான் செய்யும். பெரிய போட்டோன்னா அதை நாலஞ்சு மடங்கு இழுக்கணும், அப்ப பல்லுக்கு நடுவுல இருக்குற கோடெல்லாம் போயி ஒரே வெள்ளைப் பட்டை ஆயிரும். அதை மறைக்க மேல இன்னொரு ஷார்ப் பண்ற சாஃப்ட்வேர் ஓட்டுவானுங்க, அது தன் இஷ்டத்துக்கு வரிசையா அழகுப் பல்லு கட்டிக் குடுக்கும். ஆனா செல்லோட பியூட்டி மோடும், வாட்ஸ்அப்ல சுருங்குறதும்கூட பல்லை பட்டை ஆக்கும். அதனால பட்டையா இருக்கான்னு பாக்காதீங்க, அந்த ஆளோட பல்லு எப்படின்னு கேளுங்க. தெத்துப்பல்லு உள்ள ஆளு படத்துல மட்டும் பேஸ்ட் விளம்பரம் மாதிரி சிரிச்சா அங்க நிறுத்திப் பாக்கணும்.

நிழல் ரெண்டு பக்கம் விழுதுன்னு கத்துறது

மண்டபத்துல வீடியோ லைட் ஒரு பக்கம், ஃபிளாஷ் ஒரு பக்கம் இருந்தா நிழலும் ரெண்டு பக்கம் விழத்தான் செய்யும். சும்மா நிழலைத் தேடாதீங்க, மூக்குக்குக் கீழ விழுற நிழலையும் தாடைக்குக் கீழ கழுத்துல விழுற நிழலையும் மட்டும் ஒத்துப் பாருங்க, மூக்கு புதுசு, கழுத்து பழசு. பாண்டி பீச் கிழக்கு பாத்தது, ரோட்டுப் பக்கம் நின்னு கடலைப் பின்னாடி வெச்சு காலைல எடுத்தா வெயில் முதுகுலதான் அடிக்கும், தோள்லயும் முடி ஓரத்துலயும் வெளிச்சக் கோடு ஓடும், முகம் மங்கலா இருக்கும். செல் தானா முகத்தை வெளிச்சமாக்கும்தான், ஆனா வெளிச்சமாக்குனாலும் மூக்குக்கு ஒரு பக்கம் அழுத்தமா நிழல் வராது, வந்திருந்தா முகம் வேற எங்கயோ எடுத்ததான்னு சந்தேகப்படணும். இன்னொண்ணு, நல்ல ஸ்வாப் மொத்த வெளிச்சத்தையும் ஓரளவு சரியா கொண்டு வந்துரும், மாட்டுறது கத்தி மாதிரி விழுந்த நிழல்லதான். தொப்பி நிழல் நெத்தியில நேரா வந்து புருவத்துக்கிட்ட திடீர்னு மழுங்கிப் போகும்.

முடி ஓரம்

உச்சியைப் பாக்காதீங்க, அது தொடாத இடம். நெத்தியில வந்து விழுற ஒத்தை முடியைப் பாருங்க, மேல தெளிவா இருந்து பாதியில அறுந்துருந்தா அங்கதான் ஒட்டு. அதோட கழுத்துல புள்ளி புள்ளியா கிரெயின் இருந்து முகம் மட்டும் வழவழன்னு இருக்கான்னும் பாருங்க. ஆனா பியூட்டி மோடும் இதே வேலையைப் பண்ணும், அதனால இது ஒண்ணை மட்டும் வெச்சு பேசாதீங்க.

எக்ஸிஃப் இல்லை, அதனால ஃபேக்

எந்த கேமரா, எந்தத் தேதின்னு ஃபைலுக்குள்ள இருக்குற விவரம்தான் எக்ஸிஃப். வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்புனாலே அது போயிரும்.

ஸ்கிரீன்ஷாட்டை வெச்சு பாக்குறது

பாக்காதீங்க. முதல்ல யாருக்கு வந்துச்சோ அவங்க செல்லுல இருக்குற ஃபைலையே டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. cybercrime.gov.in-ல புகார் குடுக்குறதா இருந்தாலும் அந்த ஃபைலும், எந்த நம்பர்ல இருந்து எந்தத் தேதி வந்துச்சுங்குற சாட்டும் அழிக்காம இருக்கணும். மானம் போகுதுன்னு வீட்ல முதல் வேலையா டெலீட் பண்றது அதைத்தான்.