தெரியாத எண்களின் வாயை அடைக்கும்போது செய்யும் தவறுகள்

அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்த அன்று, சேமிக்காத எண்கள் அழைத்தால் ஒலிக்காமல் செய்யும் Silence Unknown Callers என் ஐபோனில் போட்டபடியே இருந்தது. லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வரும் தொல்லை தாங்காமல் எப்போதோ போட்டது. மருத்துவமனை எண்ணைத்தான் சேமித்து வைத்திருக்கிறோமே என்ற தைரியம் வேறு. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாமா அழைத்தார். "மாப்ளே, வார்டுல இருந்து உனக்கு மூணு தடவ போட்டாங்களாம், நீ எடுக்கவே இல்லையாம்?"

போனைப் பார்த்தால், சத்தமே இல்லாமல் மூன்று அழைப்புகள் வந்து போயிருந்தன. மூன்றும் 044-இல் தொடங்கியவை. நான் சேமித்த எண் 00 என்று முடியும். வந்தவையோ 37, 37, 41 என்று முடிந்தன.

நான் செய்த முதல் தவறு அதுதான். பைலில் அச்சிட்டிருக்கும் எண் நாம் கூப்பிடுவதற்கானது. பெரிய மருத்துவமனைகளில் ஒரே இணைப்பகத்தில் பல லைன்கள் இருக்கும். நர்ஸ் வெளியே அழைக்கும்போது எந்த லைன் காலியோ அதில் போகும், அந்த லைனின் எண்தான் நம் திரையில் தெரியலாம். டியூட்டி டாக்டர் அவசரத்துக்குத் தன் சொந்த மொபைலிலிருந்தே அழைப்பதும் உண்டு. ஆகவே ஒரு எண்ணைச் சேமித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அட்மிஷன் போட்ட நிமிடமே அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம், அட்டெண்டர் படிவத்தில் இரண்டாவது எண் கேட்டால் கட்டாயம் கொடுங்கள். அன்று என்னைக் காப்பாற்றியது மாமாவின் எண்தான். அவர் என் கான்டாக்ட்டில் இருந்ததால் அவர் அழைப்பு ஒலித்தது.

இரவில் Do Not Disturb போடுகிறவர்கள், 'திரும்பத் திரும்ப அழைத்தால் ஒலிக்கும்' என்ற வசதியை நம்புவது அடுத்த தவறு. ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் பொதுவாகப் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும். ஆனால் அதே எண்ணிலிருந்து வர வேண்டும். முதலில் 37, அடுத்து 41 என்று வந்தால் போனுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு குழப்பம். கூகுளின் Phone செயலியில் Blocked numbers பக்கத்தில் உள்ள Unknown என்பதைப் போட்டால், கான்டாக்ட்டில் இல்லாத எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணையே மறைத்து அழைப்பவர்களுக்கு மட்டும்தான். லோன்காரர் எண்ணை மறைப்பதில்லையே! அது பலிக்காத கோபத்தில், ஏதோ ஒரு செயலியைப் போட்டு 044-இல் தொடங்கும் எல்லாவற்றையும் பிளாக் செய்கிறவர்கள் உண்டு. சென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்தால் மருத்துவமனை, பள்ளி, கேஸ் ஏஜென்சி எல்லாமே போச்சு. 140-இல் தொடங்குபவை விளம்பர அழைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, அவற்றைத் தாராளமாக அடைக்கலாம். 1600-இல் தொடங்குபவற்றைத் தொடாதீர்கள். வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்கான வரிசை அது.

டெலிவரிக்காரர் எண்ணைச் சேமித்து வைப்பதும் பல நேரம் வீண். உணவுச் செயலிகள் பெரும்பாலும் இடையில் ஒரு மறைமுக எண்ணை வைத்து இணைக்கின்றன. ஆர்டர் முடிந்ததும் அந்த எண்ணில் கூப்பிட்டால் அவர் கிடைக்க மாட்டார், அடுத்த ஆர்டருக்கு வேறு எண் வரலாம். 'Out for delivery' என்று வந்ததும் அழைப்புகளைத் திறந்துவிட்டு, பொருள் கைக்கு வந்ததும் மூடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

போன் அமைப்பைத் தொடாமலே தொல்லையைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று செய்யும் டிஎன்டி பதிவு அது. 1909 என்ற எண்ணுக்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா விளம்பரப் பிரிவுகளும் அடைபடும்:

```
START 0
```

டெலிவரி, மருத்துவமனை அழைப்புகள் விளம்பரம் அல்ல என்பதால் இதில் சிக்காது. ஆனால் சாதாரணப் பத்து இலக்க மொபைலிலிருந்து திருட்டுத்தனமாக விற்பவர்களை இது தானாக நிறுத்தாது. அவர்கள்மேல் டிராயின் டிஎன்டி செயலியிலோ 1909-இலோ ஏழு நாளுக்குள் புகார் தர வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே நான் Silence Unknown Callers-ஐத் திரும்பப் போடவில்லை. நான்கு நாள் கழித்து, தையல் பிரிக்க வர வேண்டிய நேரத்தை மாற்றிச் சொல்ல ஓர் அழைப்பு வந்தது. அந்த எண் 52 என்று முடிந்தது.