உப்பில்லாக் குழம்பும் ஊறுகாய் ஜாடியும்

பிரஷர் என்று டாக்டர் சொன்னதும் சமையலில் உப்பைக் குறைப்பார்கள். அது சரிதான். அதற்குப் பிறகு செய்வதுதான் தவறு.

குழம்பில் குறைத்து, தட்டின் ஓரத்தில் கூட்டுவது

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து வீடுகளில் இது அலுக்காமல் நடக்கிறது. குழம்பு சப்பென்று ஆனதும் கை ஊறுகாய்க்குப் போகிறது. ஒரு அப்பளம் இரண்டாகிறது. மாதம் கழித்துப் பார்த்தால் பிரஷர் இறங்கவில்லை, மாத்திரை கூடுகிறது. "உப்பே சேர்க்கிறதில்லையே" என்று சத்தியம் வேறு!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். இப்போது தேயிலை பறிக்கப் போகும் ஒருவரின் நாளைக் கணக்கிடுவோம். மதியம் தயிர்சாதத்தோடு 20 கிராம் ஊறுகாய். அதில் நூற்றுக்கு 12 பங்கு உப்பு என்றால் 2.4 கிராம். இரண்டு அப்பளத்தில் சுமார் 1 கிராம். மாலைக் குளிருக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ், 2.1 கிராம். மொத்தம் 5.5. சோறு, குழம்பு, தயிர் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

ரத்தத்தில் சோடியம் ஏறினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடி, அழுத்தமும் கூடுகிறது. அந்த உப்பு குழம்பிலிருந்து வந்ததா, ஜாடியிலிருந்து வந்ததா என்று சிறுநீரகம் பார்ப்பதில்லை.

எனவே தலைகீழாகச் செய்யுங்கள். தினமும் காலையில் ஆளுக்கு 4 கிராம் உப்பை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள். அன்றைய சமையல் முழுக்க அதற்குள்தான். குழம்பு ஓரளவு ருசியாகவே இருக்கும், ஊறுகாய் தேவைப்படாது. நாக்கு பழக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும்.

லேபிளில் 'சோடியம்' என்பதை உப்பாகப் படிப்பது

சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு. அட்டவணை பெரும்பாலும் 100 கிராமுக்குப் போட்டிருக்கும். 1200 மி.கி. என்றிருந்தால் 70 கிராம் பாக்கெட்டில் 840 மி.கி.; உப்புக் கணக்கில் 2.1 கிராம். மசாலாவைப் பாதி போடுவது உதவும், ஆனால் நூடுல்ஸ் கட்டியிலேயே உப்பு இருக்கிறது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மசாலா சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

அப்பளத்தைச் சுட்டால் போதும் என்பது

எண்ணெய் போகும். உப்பும் அப்பளக்காரமும் போகாது. அந்தக் காரமும் சோடியம்தான், நாக்கில் கரிக்காது, அவ்வளவே.

இந்துப்புக்கு மாறுவது

அதுவும் சோடியம் குளோரைடுதான். பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது என்பதால், மண்ணில் அயோடின் குறைவான மலைப்பகுதிக்கு இன்னும் பொருந்தாது.

'குறைந்த சோடியம்' உப்பைக் கேட்காமல் வாங்குவது

அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.