தமிழ் வருடப் பெயரை நாமே கண்டுபிடிப்பது எப்படி? சித்திரைக்கு முந்தைய மாதங்களில் கவனம்

சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9. அன்று நடந்துகொண்டிருந்த தமிழ் வருடம் விசுவாவசு. நாடு அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாடிய 2025 ஆகஸ்டிலும் அதே விசுவாவசுதான். அறுபது பெயர்களும் ஒரு சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்துவிட்டன. வீட்டில் பெரியவர்களுக்கு அறுபதாம் கல்யாணம் செய்வதும் இந்தக் கணக்கில்தான்.

இதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று உறவினர்கள் சிலர் கேட்டார்கள். கணக்கு மிகச் சுலபம். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான தேதிகளில் கணக்கு சரியாக இருந்தும் பெயர் தவறாக வரும். அதனால் அந்த இடத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பட்டியல்

வரிசை எண் முக்கியம். பத்துப் பத்தாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1–10: பிரபவ, விபவ, சுக்கில, பிரமோதூத, பிரசோற்பத்தி, ஆங்கீரச, ஸ்ரீமுக, பவ, யுவ, தாது

11–20: ஈஸ்வர, வெகுதானிய, பிரமாதி, விக்கிரம, விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப, விய

21–30: சர்வசித்து, சர்வதாரி, விரோதி, விக்ருதி, கர, நந்தன, விஜய, ஜய, மன்மத, துன்முகி

31–40: ஹேவிளம்பி, விளம்பி, விகாரி, சார்வரி, பிலவ, சுபகிருது, சோபகிருது, குரோதி, விசுவாவசு, பராபவ

41–50: பிலவங்க, கீலக, சௌமிய, சாதாரண, விரோதிகிருது, பரிதாபி, பிரமாதீச, ஆனந்த, ராட்சச, நள

51–60: பிங்கள, காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி, துன்மதி, துந்துபி, ருத்ரோத்காரி, ரக்தாட்சி, குரோதன, அட்சய

எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். விஷுவை விசு என்றும், துன்முகியை துர்முகி என்றும், அட்சயவை அக்ஷய என்றும் எழுதுவார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்து கணக்கு

ஆங்கில ஆண்டிலிருந்து 6-ஐக் கழியுங்கள். வந்ததை 60-ஆல் வகுங்கள். மீதி எதுவோ அதுதான் வரிசை எண். மீதி 0 வந்தால் 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது அட்சய.

1965-க்குப் பார்ப்போம். 6 கழித்தால் 1959. அதில் 32 அறுபதுகள், அதாவது 1920 போக மீதி 39. பட்டியலில் 39 விசுவாவசு.

கால்குலேட்டரில் தட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959-ஐ 60-ஆல் வகுத்தால் திரையில் 32.65 என்று வரும். அந்த 65 மீதி அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை, அதாவது 0.65-ஐ, 60-ஆல் பெருக்கினால்தான் 39 கிடைக்கும். எனக்குக் கால்குலேட்டரே வேண்டாம் என்று தோன்றும். 1800, 1860, 1920, 1980 என்ற நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொண்டு, 6 கழித்து வந்த விடையிலிருந்து அதற்குக் கீழே இருக்கும் எண்ணைக் கழித்தால் வேலை முடிந்தது.

1987 பிரபவ என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணும் முறையும் உண்டு. அதில் கழித்த பிறகு ஒன்றைக் கூட்ட வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறைக் கழிக்கும் முறையில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது சிக்கலான இடம்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை

தமிழ் வருடம் சித்திரை முதல் நாளில் பிறக்கிறது. இப்போதெல்லாம் அது ஏப்ரல் 14, சில ஆண்டுகளில் 13. 2012-இல் நந்தன வருடம் ஏப்ரல் 13-ஆம் தேதி பிறந்தது. ஆகவே ஜனவரி 1 முதல் சித்திரை பிறப்பதற்கு முந்தைய நாள் வரை, நடந்துகொண்டிருப்பது போன ஆண்டின் வருடம். அந்தத் தேதிகளுக்கு முதலில் ஆண்டில் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் ஆறைக் கழிக்க வேண்டும்.

சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த நாள் 1942 பிப்ரவரி 15. அவசரமாக 1942-ஐப் போட்டால் 1936, மீதி 16, சித்திரபானு என்று வரும். அது தவறு. பிப்ரவரி என்பதால் 1941 என்று எடுக்க வேண்டும். 1935, மீதி 15, விஷு. சித்திரபானு பிறக்க அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ராஃபிள்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1819 பிப்ரவரி 6-க்கும் இதே கதைதான். 1818 என்று எடுத்தால் 1812, மீதி 12, வெகுதானிய. 1819 என்று போட்டால் பிரமாதி வந்து ஏமாற்றிவிடும்.

ஏப்ரல் 12, 13, 14 என்று எல்லையிலேயே ஒரு தேதி வந்தால் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்துத்தான் சித்திரை முதல் நாள் முடிவாகிறது. தமிழ்நாட்டு வழக்கில், சூரிய மறைவுக்கு முன் நுழைந்தால் அன்றே முதல் தேதி, மறைவுக்குப் பின் நுழைந்தால் மறுநாள். இதற்கு நான் எந்தச் செயலியையும் நம்புவதில்லை. சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்கும் தினசரி காலண்டர் போதும். தாளில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் சேர்ந்தே இருக்கும். பழைய ஆண்டுகளுக்கு அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத்தான் தேட வேண்டும். பின்னோக்கிப் போகப் போக எல்லையும் முன்னால் நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சித்திரை ஏப்ரல் 11, 12 வாக்கிலேயே பிறந்துவிடும்.

பெயரிலிருந்து ஆண்டுக்குப் போவது

இதுதான் வீடுகளில் அதிகம் தேவைப்படுகிறது. பழைய ஜாதகக் குறிப்பில், கணக்கு நோட்டில், கல்லறைக் கல்லில் ஆங்கில ஆண்டே இருக்காது. தோழி ஒருத்தி தன் பாட்டியின் பிறப்புக் குறிப்பைப் படமெடுத்து அனுப்பினாள். மடித்து மடித்துப் பழுப்பேறிய தாள். அதில் இப்படி இருந்தது:

ருத்ரோத்காரி ௵ தை ௴ 10 ௳ புதன்

௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ தேதி. பாட்டி 1923-இல் பிறந்தவர் என்றே குடும்பத்தில் சொல்லி வந்தார்கள்.

ருத்ரோத்காரி 57-ஆவது. பட்டியல் எண்ணோடு 6-ஐக் கூட்டினால் 63. அதை 1860, 1920 ஆகியவற்றோடு கூட்டினால் 1923, 1983 கிடைக்கும். பாட்டிக்கு 1983 பொருந்தாது, ஆக 1923-இல் தொடங்கிய ருத்ரோத்காரி. ஆனால் மாதம் தை. 1923 ஏப்ரலில் தொடங்கிய வருடத்தின் தை மாதம் 1924 ஜனவரியில்தான் வரும். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். சித்திரை முதல் கார்த்திகை வரை அப்படியே விடலாம். மார்கழி மட்டும் இரண்டு ஆண்டுகளில் பாதி பாதியாக விழும். முதல் பாதி டிசம்பர், மறு பாதி ஜனவரி.

சரி, 1924 என்பது உறுதிதானா? கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம். 1924-இல் தை முதல் நாள் ஜனவரி 14, திங்கள். தை 10 என்றால் ஜனவரி 23, புதன். குறிப்பிலும் புதன். 1923 ஜனவரி 23 செவ்வாய்க்கிழமை, அது ஒத்துவரவில்லை. குறிப்பில் கிழமை இருந்தால் விடவே விடாதீர்கள், இவ்வளவு நல்ல சாட்சி வேறு கிடைக்காது. அறுபது ஆண்டு தள்ளி எது சரி என்று குழம்பும்போதும் அதுதான் தீர்த்து வைக்கும்.

எழுத்து தேய்ந்திருந்தால் பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்கும் ஆபத்து உண்டு. விரோதி 23, விரோதிகிருது 45. பிலவ 35, பிலவங்க 41. குரோதி 38, குரோதன 59. பிரமாதி 13, பிரமாதீச 47. வாலெழுத்து மங்கிப்போயிருந்தால் இரண்டுக்கும் ஆண்டு கண்டுபிடித்துவிட்டு, கிழமையை வைத்து ஒன்றைத் தள்ளுங்கள்.

நிறையத் தேதிகள் இருந்தால்

குடும்ப மரம் எழுதுபவர்களுக்கு எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். D1 முதல் D60 வரை பெயர்களை வரிசையாக இடுங்கள், A2-இல் தேதி, B2-இல் இது:

```
=INDEX($D$1:$D$60, MOD(YEAR(A2)-(A2<DATE(YEAR(A2),4,14))-7, 60)+1)
```

ஆறுக்குப் பதில் ஏழைக் கழித்துக் கடைசியில் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். மீதி 0 வரும்போது அட்சய தானாகவே கிடைக்க அதுதான் வழி. ஏப்ரல் 14-க்கு முந்தைய தேதியானால் நடுவில் இருக்கும் அடைப்பு ஒன்றைக் குறைத்துவிடும். ஏப்ரல் 12 முதல் 14 வரையிலான வரிசைகளுக்கு மட்டும் வண்ணம் பூசி வைத்துக்கொண்டு கையால் சரிபாருங்கள்.

பிற்சேர்க்கை 1

எக்செலில் 1887 தேதிக்குப் பிழை வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 1900-க்கு முந்தைய தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்பதில்லை, வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். அவற்றுக்கு ஆண்டை மட்டும் ஒரு கட்டத்தில் இட்டு, ஏப்ரலுக்கு முன் என்றால் நீங்களே ஒன்றைக் குறைத்து எழுதுங்கள்.

பிற்சேர்க்கை 2

தெலுங்குக் குடும்பத்தில் திருமணம் செய்த ஒருவர், அவர்கள் அழைப்பிதழில் விசுவாவசு என்றும் நம் அழைப்பிதழில் குரோதி என்றும் ஒரே தேதிக்கு இருப்பதாகக் கேட்டார். இரண்டும் சரி. தெலுங்கு, கன்னட மக்களுக்கும் இதே வரிசைதான், ஆனால் யுகாதியில் பெயர் மாறும். 2025-இல் யுகாதி மார்ச் 30, நமக்குச் சித்திரை ஏப்ரல் 14. நடுவில் இருந்த அந்த இரண்டு வாரம் அவர்களுக்கு விசுவாவசு, நமக்குக் குரோதி.

வட இந்தியப் பஞ்சாங்கத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். அங்கே பெயர்கள் வியாழனின் நகர்வைப் பின்தொடர்கின்றன. வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஆகும் காலம் சூரிய ஆண்டைவிட நாலைந்து நாள் குறைவு. அதனால் ஏறத்தாழ 85 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஒரு பெயரைத் தாண்டிவிடுவார்கள். தெற்கே நாம் தாண்டுவதில்லை. அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து இப்போது பத்துப் பெயர்களுக்கு மேல் தள்ளி நிற்கிறது. இங்கே சொன்ன ஆறைக் கழிக்கும் கணக்கு தெற்கத்தி வரிசைக்கு மட்டுமே.